கைபட்ட லென்ஸ், வெளுத்த கறுப்பு: அரங்கேற்ற வீடியோவை மீட்டவர்கள் சொல்லுங்கள்

மந்தைவெளி மாடிவீடு

அண்ணன் மகளின் அரங்கேற்றம் மயிலாப்பூரில் ஒரு அரங்கில் நடந்தது. நடுவில் ட்ரைபாடில் நின்ற போன்தான் முழு நிகழ்ச்சியையும் எடுத்தது. ஆரம்பிக்கும் முன் யாரோ அதன் லென்ஸில் விரல் வைத்திருக்கிறார்கள். ஃபோகஸ் பிரமாதம், சலங்கை மணிகளைக்கூட எண்ணலாம். ஆனால் பின்னால் தொங்கும் கறுப்புத் திரை சாம்பலாகத் தெரிகிறது, மேலே உள்ள ஸ்பாட் விளக்கைச் சுற்றிப் பால் கொட்டியதுபோல் ஒரு வெளிச்சம், அதிலிருந்து சாய்வாக ஒரு கோடு வேறு இறங்குகிறது. பக்கவாட்டில் இருந்து இன்னொரு போனில் எடுத்த துண்டுகள் சுத்தமாக இருக்கின்றன, ஆனால் அவை வர்ணம் என்ற உருப்படியில் பாதிதான். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் ஓரளவு தெரியும். இந்த மாதிரி வீடியோவைச் சரிசெய்தவர்கள் என்ன செய்தீர்கள்?

பெரம்பூர் கட்டிங்

நாத்தனார் வளைகாப்பு வீடியோ இப்படித்தான் இருந்தது. Lift சக்கரத்தை இறக்கினேன், கான்ட்ராஸ்ட் ஏற்றினேன், சாச்சுரேஷன் கொஞ்சம். அஞ்சு நிமிஷ வேலை, திரை கறுப்பாகிவிடும். முகம் கொஞ்சம் இருட்டாகும், அதற்கு Gamma-வை ஏற்றிக்கொள்ளலாம்.

கோடம்பாக்கம் இருட்டறை

கலர் வேலைதான் எனக்குப் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பெரம்பூர்க்காரர் சொன்னதில் திசை சரி. முகம் இருட்டாகிறது என்று அவரே சொல்கிறார் பாருங்கள், சிக்கல் அங்கேதான்.

கறை, விளக்கின் வெளிச்சத்தில் கொஞ்சத்தைச் சிதறடித்துப் படம் முழுக்க மேலே தூவிவிடுகிறது. கூடுதலாக வந்து சேர்ந்த வெளிச்சம் என்பதால் அதைக் கழித்தால் போதும். ஆனால் வெளிச்சக் கணக்கில் கழிக்கவேண்டும், வீடியோ கணக்கில் கழித்தால் தப்பாகும். போன வருஷம் நான் செய்த ஒரு கச்சேரி வீடியோவையே சொல்கிறேன். வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்மில் கறுப்புத் திரை 180-இல் மிதந்தது (மொத்தம் 1023). பார்க்கப் பெரிய அளவு. ஆனால் 2.4 காமா வழியாகத் திருப்பிப் பார்த்தால், முழு வெள்ளையின் வெளிச்சத்தில் அது ஒன்றரை சதவீதம்தான். பாடகர் முகம் 512-இல் இருந்தது. Lift-ஐ இறக்கித் திரையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் முகம் 400 பக்கம் போய்விடுகிறது. அதே கழித்தலை வெளிச்சக் கணக்கில், அதாவது லீனியரில் செய்தால் முகம் 495-க்குக் கொஞ்சம் முன்பின், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பிறகு Gamma-வை ஏற்றி முகத்தை மீட்கிற வேலையும் இல்லை. அப்படி ஏற்றினால் திரையும் மறுபடி வெளுக்கும்.

செய்முறை: புது நோடில் ரைட் கிளிக், Gamma, அதில் Linear. அப்புறம் Offset. 25.00-இல் நிற்கும் அந்தச் சக்கரத்தை மயிரிழை அளவுக்கு இறக்கினாலே திரை சட்டென்று விழும், அதனால் எண்ணைப் பிடித்து மெதுவாக இழுங்கள். பூஜ்யம் வரை போகாதீர்கள். பக்கவாட்டுப் போனில் அதே திரை எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்துங்கள். சுத்தமான லென்ஸில் உங்கள் அரங்கின் கறுப்பு எவ்வளவு என்று சொல்ல உங்களிடம் சாட்சி இருக்கிறது, எல்லோருக்கும் அது கிடைக்காது.

இன்னொன்று, பரேடைத் திறந்து மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். மேடையில் நீல விளக்கு எரிந்தால் கறை தூவுகிற புகைமூட்டமும் நீலம், அப்போது நீலத்தை அதிகம் கழிக்கவேண்டும். மூன்றையும் ஒரே அளவு கழித்தால் திரை நீலச் சாயம் பூசியதுபோல் நிற்கும். விளக்கு மாறும் இடத்தில் எல்லாம் கிளிப்பை வெட்டித் தனித்தனியாகச் செய்யுங்கள்.

சாய்வுக் கோடு பற்றி: விரல் இழுத்த திசைக்குக் குறுக்கேதான் கோடு ஓடும். அதைப் பார்த்தாலே இது ஈரமோ தூசியோ இல்லை, எண்ணெய்ப் பிசுக்குத்தான் என்று சொல்லிவிடலாம்.

எலியட்ஸ் காற்று

எனக்கும் இதே கதை! ஏசி ஹாலில் இருந்து கேமராவைப் பைக்குள் போட்டு, பெசன்ட் நகர் கடற்கரையில் போய்த் திறந்தால் படம் முழுக்கப் புகை. துணியால் துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தது. வெளியே எடுக்காமல் பையோடு அரைமணி வைத்திருந்து பிறகு திறந்தால் வராது. மைக்ரோஃபைபர் துணி எந்தக் கடையில் நல்லது?

கோடம்பாக்கம் இருட்டறை

தம்பி, உங்களுடையது ஈரம் படிந்தது. எடுத்த வீடியோவை ஓட்டிப் பாருங்கள், நேரம் போகப் போகப் புகை தானாகக் குறையும். விரல்கறை கடைசி வரை அப்படியே நிற்கும். ஈரம் பட்ட துண்டைச் சரிசெய்ய இதே கழித்தல்தான், ஆனால் கீஃப்ரேம் போட்டு அளவைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும்.

மந்தைவெளி மாடிவீடு

நேற்று ராத்திரி உட்கார்ந்து செய்து பார்த்தேன். அலாரிப்பு முழுக்க ஒரே மஞ்சள் விளக்கு என்பதால் ஒரே நோடில் முடிந்தது. அரக்குப் பட்டின் அரக்கு திரும்பி வந்ததைப் பார்த்ததும் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வர்ணத்தில் நீலம், மஞ்சள் என மாறி மாறி வருவதால் வெட்டித்தான் செய்யவேண்டியிருந்தது. விளக்கு மெல்ல மாறும் இடங்களில் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே டிசால்வ் வைத்தேன், ஒட்டு தெரியவில்லை.

இரண்டு குறை மிச்சம். ஸ்பாட் விளக்குக்குப் பக்கத்தில் இன்னும் வெளுப்பு. திரையின் கறுப்பில் புள்ளி புள்ளியாக ஏதோ கொதிக்கிறது, முன்பு அது இல்லை.

கோடம்பாக்கம் இருட்டறை

முன்பும் இருந்தது அம்மா, புகை மூடியிருந்தது. கறுப்பை ஒட்டிய இடத்தில் இந்தக் கழித்தல் நாய்ஸை மூன்று நான்கு மடங்கு பெரிதாக்கும். போன் வீடியோ 8 பிட் என்றால் கட்டம் கட்டமாகவும் தெரியும். ஸ்டூடியோ பதிப்பு இருந்தால் டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கழிக்கும் நோடுக்கு முன்னால் வையுங்கள். இலவசப் பதிப்பில் அது கிடையாது. அப்படியானால் கழிப்பதையே கொஞ்சம் குறைத்து, திரை இன்னும் லேசாக வெளுத்திருக்க விடுங்கள். கொதிக்கிற கறுப்பைவிட அது கண்ணுக்கு இதம்.

விளக்குப் பக்கத்துக்கு, அடுத்து ஒரு லீனியர் நோடு, அதில் வட்ட விண்டோ. ஓரத்தை நன்றாகக் கரையவிட்டு, அந்த வட்டத்துக்குள் மட்டும் இன்னும் கழியுங்கள். கேமராவும் விளக்கும் அசையாததால் விண்டோவும் அசைய வேண்டாம், குழந்தை அதற்குள் வந்து போனாலும் சரியாகவே இருக்கும். விளக்கின் நடுவே 1023-இல் முட்டி நிற்கும் இடத்தில் எந்த விவரமும் பதிவாகவில்லை, அதை விட்டுவிடுங்கள்.

பெரம்பூர் கட்டிங்

லீனியரில் போட்டுப் பார்த்தேன் அண்ணே, முகம் நிஜமாகவே அசையவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். Dehaze என்று ஒரு எஃபெக்ட் ஸ்டூடியோவில் இருக்கிறதே, அதைப் போட்டால் முடிந்ததே?

கோடம்பாக்கம் இருட்டறை

தூரத்து மலை, பனிமூட்டம் மாதிரி காட்சிகளை நினைத்துச் செய்தது அது. மேடையில் போட்டபோது எனக்குத் தோலின் நிறம் அழுக்கானது. அவசரத்துக்கு ஆகும்.

ராயபுரம் கைக்கேமரா

எல்லாம் ட்ரைபாடுக்குச் சரி. நான் கையில் பிடித்து நடந்துகொண்டே எடுத்த சாமி ஊர்வலம். பெட்ரோமாக்ஸும் சீரியல் லைட்டும் உள்ளே வர, வெளியே போக, ஒவ்வொரு நொடியும் புகையின் அளவு மாறுகிறது. இதற்கு?

கோடம்பாக்கம் இருட்டறை

விளக்குகள் படத்துக்கு வெளியே இருக்கும் துண்டுகளை முதலில் பொறுக்குங்கள், அவற்றில் புகை கம்மி. மற்றவற்றுக்குக் கறுப்பான ஒரு இடத்தை, ஒரு தலைமுடியோ குடையோ எதுவாக இருந்தாலும், வேவ்ஃபார்மில் தொடர்ந்து பார்த்துக் கீஃப்ரேம் போடவேண்டும். முகத்தின் குறுக்கே கோடு விழுகிற நொடிகளுக்கு எனக்கு இன்னும் திருப்தியான வழி கிடைக்கவில்லை. யாராவது செய்திருந்தால் எழுதுங்கள், நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.