பாக்கி கேட்கும் செய்தியைத் திருத்தி எழுதி அனுப்பியவர்கள் இருக்கிறீர்களா? என்ன ஆனது?

நூல்கண்டு

அக்கா சீருடை தைத்துக் கொடுக்கும் யூனிட் வைத்திருக்கிறாள். கணக்கு எழுதுவது நான். ஒரு நிறுவனம் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டு மீதியை இழுத்துக்கொண்டே இருந்தது. அக்கா அவர்களுக்கு அனுப்பியதையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் ஒரே ராகம்:

"சார் வணக்கம், நல்லா இருக்கீங்களா? அந்த பேமெண்ட் கொஞ்சம் பாத்து பண்ணி விடுங்க சார். கையில சுத்தமா இல்ல. தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும்."

கூடவே கும்பிடு எமோஜி. அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரல். ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் மட்டும்.

மே 12 அன்று நான் இப்படி எழுதிக் கொடுத்தேன்:

"வணக்கம். மார்ச் 4 தேதியிட்ட எங்கள் பில் எண் 118, தொகை 48,000. செலுத்த வேண்டிய கடைசி நாள் ஏப்ரல் 3. ஏப்ரல் 20 அன்று 20,000 வந்து சேர்ந்தது, நன்றி. மீதி 28,000 நிலுவையில் உள்ளது. இதை மே 20-க்குள் கீழே உள்ள வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம். பில்லிலோ சரக்கிலோ குறை இருந்தால் மே 15-க்குள் எழுதித் தெரிவியுங்கள். ஏற்கெனவே செலுத்தியிருந்தால் தேதியையும் பரிவர்த்தனை எண்ணையும் அனுப்புங்கள், கணக்கில் சேர்த்துவிடுகிறோம். பில் நகல் இணைக்கப்பட்டுள்ளது."

படித்துக் காட்டினேன். "நல்லா இருக்கீங்களான்னுகூடக் கேக்கலையேடா" என்றாள். அனுப்பினோம். அன்றைக்கே அவர்கள் அக்கவுண்ட்ஸிலிருந்து, நாங்கள் பார்த்தே இராத ஒரு எண்ணில், "மேடம், 118-ன்னு ஒரு பில்லே எங்க கைக்கு வரல. இப்பதான் பாக்குறோம்" என்று பதில். சரக்கோடு போன பில் அவர்கள் ஸ்டோரிலேயே தங்கிவிட்டது போல. 17-ஆம் தேதி பணம் வந்துவிட்டது.

மறுநாள் முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். "என்னம்மா, கேஸ் போடுற மாதிரி எழுதிட்டீங்க?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அதற்கப்புறம் அங்கிருந்து ஆர்டர் வரவே இல்லை. அக்கா இன்னும் என்னைத்தான் பார்க்கிறாள்.

நேர்பேச்சு

28,000-ஐ உட்கார வைத்துவிட்டுச் சிரிக்கிற ஆளின் ஆர்டர் எதற்கு? நீங்கள் எழுதியதே ரொம்ப சாது. நான் முதல் செய்தியிலேயே "7 நாளில் வராவிட்டால் மாதம் 2 சதவீத வட்டியுடன் சட்ட நடவடிக்கை" என்று போட்டுவிடுவேன். ஒரு ஆள் அந்த ராத்திரியே அனுப்பினார். தேதி சொன்னது ஒன்றுதான் உங்கள் கடிதத்தில் சரி. மற்றதெல்லாம் அலங்காரம்.

வவுச்சர்

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். ஒரு பெரிய கம்பெனியில் பல வருஷம் சப்ளையர்களுக்குப் பணம் போடும் வேலை. நூல்கண்டு சொல்வதில் எனக்கு உறுத்துவது வேறு. பில்லே கைக்கு வரவில்லை என்றால் ஏப்ரலில் 20,000 எப்படிப் போட்டார்கள்? முதலாளி வாய்வார்த்தையாகச் சொல்லி, முன்பணம் என்று எழுதிப் போட்டிருப்பார்கள். அப்படியானால் அவர்கள் புத்தகத்தில் உங்கள் அக்கா பேரில் பாக்கி எதுவும் நிற்காது. அக்காதான் அவர்களுக்கு 20,000-க்குச் சரக்கு தர வேண்டியவர் என்று காட்டும். அந்த நிலையில் "பேமெண்ட் பாத்து பண்ணுங்க" என்று எத்தனை முறை கேட்டாலும் அக்கவுண்ட்ஸ் ஆளுக்குப் போட ஒன்றுமே இருக்காது. பில் நகலும், வந்த 20,000-ஐக் கழித்துக் காட்டிய வரியும்தான் உங்கள் பணத்தைக் கொண்டுவந்தவை.

எங்கள் ஆபீஸில் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முதலாளிக்கு வரும் செய்திகளை அவர் எங்களுக்கு ஃபார்வர்டு செய்வார். "கொஞ்சம் பாருங்க சார்" என்பதை எதற்காக ஃபார்வர்டு செய்வார்? ஒரு முறை ஒரு சப்ளையரின் குரல் பதிவு என்னிடம் வந்தது. ஒரு நிமிஷத்துக்கு மேல் அழாத குறையாகப் பேசியிருந்தார். மகனுக்குக் காய்ச்சல், வேலையாட்களுக்குச் சம்பளம் தரவில்லை, எல்லாம் இருந்தது. பில் நம்பர் மட்டும் இல்லை. நானும் பக்கத்து மேசைக்காரரும் அவர் எந்த ஊர்க்காரர், என்ன சப்ளை செய்கிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அந்த வாரப் பட்டியல் மூடிவிட்டது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கஷ்டத்தைப் பட்டியலில் ஏற்ற முடியாதே.

நேர்பேச்சுக்கு ஒன்று. வட்டி என்பது பில்லிலோ ஆர்டரிலோ முன்பே எழுதி ஒத்துக்கொண்டிருந்தால் தைரியமாகக் கேட்கலாம். நினைவூட்டலில் புதிதாக முளைக்கும் 2 சதவீதத்தைப் பார்த்தால், என்னைப் போன்றவன் "இந்தத் தொகை சரியில்லை" என்று குறிப்பு எழுதி முழு பில்லையும் நிறுத்திவைப்பான். நீங்களே அவன் கையில் காரணம் கொடுத்த மாதிரி. அப்புறம் அந்த 7 நாள். எட்டாம் நாள் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒன்றும் செய்யவில்லை என்றால் அடுத்த கடிதத்தை யாரும் திறக்கவே மாட்டார்கள். அடுத்த கட்டமாக நிஜமாகச் செய்யக்கூடியதை மட்டும் எழுதுங்கள். பெரும்பாலும் அது "மே 20-க்குப் பின் புதிய ஆர்டர்களுக்கு முன்பணம் பெற்ற பிறகே வேலை தொடங்குவோம்" என்பதுதான். அதுவும் இரண்டாம் கடிதத்தில். முதல் கடிதத்தில் நூல்கண்டு அதைச் சொல்லாமல் விட்டது சரி.

அக்காவிடம் இதையும் சொல்லுங்கள்: நலம் விசாரிப்பதில் தவறில்லை. அதை முதலாளிக்குத் தனியாக அனுப்பலாம். "சார், அக்கவுண்ட்ஸுக்கு பில் விவரம் அனுப்பியிருக்கேன், ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று ஒரு வரி போதும். கடிதம் நேராக அக்கவுண்ட்ஸ் மேசைக்குப் போயிருந்தால் முதலாளி அந்த போனே செய்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

நேர்பேச்சு

எட்டாம் நாள் நான் நேரில் போய் நிற்பேன். கம்பெனி ஆளுக்கு அது புரியாது.

மழைநாள்

என் மச்சானுக்குக் கைமாற்றாகக் கொடுத்தது இரண்டு வருஷமாக வரவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது. மேலே உள்ள மாதிரியே எழுதினால் தருவாரா? பில் எண்ணுக்குப் பதில் என்ன போடுவது?

நூல்கண்டு

பில் இல்லாத இடத்தில் இந்தக் கடிதம் எடுபடாதுங்க. கொடுத்த தேதியையும் தொகையையும் போட்டு, "மாதம் எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள் மச்சான்" என்று கேட்டுப் பாருங்கள். அவர் எழுத்தில் ஒரு பதில் வந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஸ்பேனர்

எனக்கு நடந்தது தலைகீழ். பணம் கட்டிய பிறகு எனக்கே நோட்டீஸ் வந்தது.

உதிரிபாகம் வாங்குகிற இடம். பணத்தை என் மனைவி கணக்கிலிருந்து போட்டிருந்தேன், அவர்கள் பக்கம் பேர் பொருந்தவில்லை. பத்து வருஷப் பழக்கம், ஒரு நாள் தாமதித்ததில்லை. மொபைலைத் திறந்தால் "பலமுறை நினைவூட்டியும் தாங்கள் அலட்சியம் காட்டுவது வருத்தமளிக்கிறது" என்று நிற்கிறது. பலமுறையாம்! ஒரு முறைகூடக் கேட்டதில்லை. எங்கிருந்தோ எடுத்த மாதிரிக் கடிதத்தில் என் பேரைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் முன்னால் நின்றுகொண்டு படித்தேன், காது சூடாகிவிட்டது. ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். "ஓகே சார்" என்று வந்தது.

நூல்கண்டு, "ஏற்கெனவே செலுத்தியிருந்தால்" என்று நீங்கள் போட்ட அந்த வரி எனக்கு வந்த கடிதத்தில் இருந்திருந்தால் நான் இன்னும் அங்கேதான் வாங்கிக்கொண்டிருப்பேன். அதை அலங்காரம் என்று சொன்னவர் கவனிக்கவும். "அலட்சியம்" மாதிரி எதிராளியின் மனசுக்குள் புகுந்து சொல்லும் எதையும் எழுதக் கூடாது. இந்தத் தேதி வரை எங்கள் கணக்கில் பணம் காணவில்லை என்று சொல்லுங்கள், அது உண்மை. அனுப்பும் முன் வங்கிக் கணக்கில் பேரை வைத்து மட்டும் தேடாமல் தொகையை வைத்தும் ஒரு முறை தேடிவிடுங்கள்.

பலகைக்காரன்

நான் கடைப் பலகை செய்பவன். ஒருவருக்கு 40 பலகை. 3 பலகையில் எழுத்து நிறம் மாறிவிட்டது என்றார். சரி, இருக்கலாம். ஆனால் அதைக் காட்டி 40-க்கும் பணம் தராமல் உட்கார்ந்துவிட்டார். நான் "அண்ணே, அந்த மூணையும் பாத்துக்கலாம், மொதல்ல காசு போடுங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் "மூணை மொதல்ல பாரு" என்பார்.

வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் நண்பர் மாற்றி எழுதினார். அதில் இருந்த ஒரு பத்தி: "3 பலகைகள் பற்றிய தங்கள் புகாரைப் பதிவு செய்துள்ளோம். அவற்றுக்கான 4,500 தொகையைத் தனியே நிறுத்திவைக்கிறோம், ஆய்வு முடிந்ததும் பேசிக்கொள்ளலாம். குறை சொல்லப்படாத 37 பலகைகளுக்கான 55,500-ஐ இம்மாதம் 25-க்குள் செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம்."

அந்த எண்ணைத் தனியாகப் பிரித்ததும் அவருக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போய்விட்டது. 24-ஆம் தேதி 55,500 வந்தது. ஆனால் பணம் அனுப்பியபோது குறிப்பில் "முழுத் தீர்வு" என்று எழுதியிருக்கிறார். நான் பணம் வந்த சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவில்லை. நண்பர்தான் காட்டினார். இப்போது அந்த 4,500 போச்சா?

வவுச்சர்

உடனே போச்சு என்று சொல்ல முடியாது. ஆனால் பேசாமல் இருக்காதீர்கள். சும்மா இருந்தால் நீங்கள் ஒத்துக்கொண்டதாகப் பிறகு வாதாட வழி இருக்கிறது. அது எந்த அளவு நிற்கும் என்பது அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பொறுத்தது, நண்பரின் வக்கீலையே கேளுங்கள். இன்றைக்கே இரண்டு வரி எழுதுங்கள்: "55,500 கிடைத்தது, நன்றி. இதை 37 பலகைகளுக்கான தொகையாகவே வரவு வைத்துள்ளோம். 3 பலகைகளுக்கான 4,500 முடிவாகாமல் நிற்கிறது." கோபம் வேண்டாம், "முழுத் தீர்வு என்று எழுதியது ஏன்" என்ற கேள்வியும் வேண்டாம்.

பலகைக்காரன்

அனுப்பிவிட்டேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்திருக்கிறது.

நேர்பேச்சு

அது கிடக்கட்டும். அந்த 3 பலகையைப் போய்ப் பார்த்தீர்களா இல்லையா? நிறம் நிஜமாகவே மாறியிருந்ததா? இவ்வளவு எழுதியவர் அதை மட்டும் சொல்லவே இல்லையே.