இரவு அழைப்பு உண்டு என்பதை ஆள் தேடும் கேப்ஷனிலேயே எழுதலாமா?

கயல்_நிறுவனர்:
பில் போடும் மென்பொருள் செய்கிறோம், ஆறு பேர். ஏழாவதாக ஒரு சப்போர்ட் இன்ஜினியர் தேவை. எங்கள் கதையோடு இன்ஸ்டாகிராமில் போட எழுதியது இது: "மூன்று பேராகத் தொடங்கினோம். இன்று ஒரு குடும்பமாக வளர்ந்திருக்கிறோம். நேரம் பார்க்காமல் உழைக்கும் ஒருவரைத் தேடுகிறோம்." நிஜத்தில் நாலு வாரத்துக்கு ஒரு வாரம் இரவிலும் போன் எடுக்கணும். சம்பளம் சந்தையைவிடக் குறைவு, ஆனால் கம்பெனிப் பங்கு உண்டு. இதை அப்படியே எழுதினால் யாராவது வருவார்களா?

விற்பனை_மாறன்:
எழுதாதீங்க. முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும், மிச்சம் more-க்குப் பின்னால் போய்விடும். அந்த இடத்தில் இரவு டியூட்டியை வைத்தால் விரல் நிற்காமல் தாண்டிப் போவார்கள். முதலில் ஆள் வரட்டும், நிபந்தனைகளை இன்டர்வியூவில் பேசிக்கொள்ளலாம்.

ஆள்தேடி:
மாறன், வரி மறைவது உண்மைதான். அதனால்தான் அந்த இரண்டு வரியைக் கதைக்குக் கொடுக்கக் கூடாது என்கிறேன். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், இரவு முறை உண்டு என்பது முதலில் வரட்டும், கதை பின்னால் வரட்டும்.

கயல், "நேரம் பார்க்காமல்" என்பதை ஒருவர் எப்போதாவது எட்டு மணி வரை இருப்பது என்று எடுத்துக்கொள்வார். இன்னொருவருக்கு அது ஒவ்வொரு ஞாயிறும். இருவரும் நல்லெண்ணத்தோடுதான் விண்ணப்பிப்பார்கள், சேர்ந்த பிறகு ஒருவர் ஏமாந்திருப்பார். கடைசி மூன்று மாத அழைப்புப் பதிவை எடுத்து, இரவு பத்துக்கு மேல் எத்தனை வந்தது, எவ்வளவு நேரம் பிடித்தது, மறுநாள் தாமதமாக வரலாமா என்று பாருங்கள். அதை எழுதுங்கள்.

பயம் வேண்டாம். 1973-இல் ஜான் வானஸ் என்ற ஆய்வாளர் தொலைபேசி ஆபரேட்டர் வேலைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலையின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டும் படம் போட்டார், மற்றவர்களுக்குச் சலிப்பும் கண்காணிப்பும் சேர்ந்த படம். இரண்டாவது படம் பார்த்தவர்களின் எதிர்பார்ப்பு இறங்கியதே தவிர, வேலையை ஏற்றவர்கள் பெரிதாகக் குறையவில்லை. அதற்காக உண்மையைச் சொன்னாலே, சேர்ந்த பிறகு யாரும் வேலையை விட்டு விலக மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பின்னால் வந்த ஆய்வுகளிலும் அந்தப் பலன் சிறியதுதான்.

தூக்கம்_முக்கியம்:
நான் சேர்ந்த இடத்தில் "நெகிழ்வான நேரம்" என்று போட்டிருந்தார்கள். நெகிழ்ந்தது என் இரவுதான். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. முன்பே தெரிந்திருந்தால் விண்ணப்பித்தே இருக்க மாட்டேன், அவர்களுக்கும் பயிற்சி கொடுத்த நேரம் மிச்சமாகியிருக்கும். இன்டர்வியூவில் சொல்லலாம் என்கிறீர்களே மாறன், அப்போது கையிலிருந்த வேலையில் நான் நோட்டீஸ் கொடுக்கும் கட்டத்தில் இருந்தேன்.

நேர்வழி:
குறைந்த சம்பளம், இரவு வேலை, இதை அழகாக எழுதித் தர ஆலோசனை வேறா? வேலையைச் சரி செய்யுங்கள், கேப்ஷன் தானாகச் சரியாகும்.

ஆள்தேடி:
அழகாக்கக் கேட்கவில்லை, சொல்லலாமா என்றுதான் கேட்கிறார். ஆனால் உங்கள் இரண்டாவது வாக்கியத்தை நான் மறுக்கவில்லை. மோசமான நிபந்தனையை வெளிப்படையாகச் சொல்லிவிட்டதால் அது நியாயமாகிவிடாது.

கயல்_நிறுவனர்:
பதிவைப் பார்த்தேன். 13 வாரத்தில் பத்து மணிக்கு மேல் 9 அழைப்புகள். அதில் 7 மாதக் கடைசியில் பில் அச்சாகாமல் நிற்கும் ஒரே கோளாறு. நேர்வழி சொன்னது எனக்கு உறைத்தது. கோளாறைச் சரி செய்யும் வேலையை இந்த வாரமே தொடங்குகிறோம். முடியும் வரை உள்ளதை எழுதுகிறேன்:

"சப்போர்ட் இன்ஜினியர் தேவை. சம்பள வரம்பு கீழே, சந்தையைவிடக் குறைவு. நாலு வாரத்துக்கு ஒரு வாரம் இரவு அழைப்பு உங்களுடையது. கடைசி 13 வாரத்தில் பத்து மணிக்கு மேல் வந்தவை 9, பெரும்பாலும் மாதக் கடைசியில். அழைப்பு வந்த மறுநாள் மதியம் வந்தால் போதும். பங்கு நான்கு ஆண்டில் முழுதாகச் சேரும். முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் எதுவும் கிடையாது. மூன்று பேராகத் தொடங்கி ஆறு பேராக இருக்கிறோம்."

ஆள்தேடி:
"குடும்பம்" போனது நல்லது. இரண்டு விஷயம் பாக்கி. இப்போது இரவு அழைப்பு எடுப்பவரிடம் இதைக் காட்டி, "இதுதான் உன் வேலையா" என்று கேளுங்கள். அவர் தயங்கும் வரியைத் திருத்துங்கள். மறுநாள் மதியம் வரலாம் என்பது வேலை நியமனக் கடிதத்திலும் இருக்கணும், கேப்ஷனை நாளைக்கே அழித்துவிட முடியும்.

விற்பனை_மாறன்:
எண்களோடு படிக்கும்போது நான் நினைத்த அளவுக்குப் பயமுறுத்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "சந்தையைவிடக் குறைவு" என்று நீங்களே ஏன் சொல்லணும்? வரம்பைப் போட்டாலே தெரிந்துவிடுமே.

தூக்கம்_முக்கியம்:
புதிதாக வேலை தேடுபவருக்குச் சந்தை நிலவரம் தெரியாது. அவருக்காகத்தான் அந்த வரி. இன்னொன்று, பங்கைப் பற்றிச் சொன்னீர்கள், கையிருப்புப் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லவில்லையே?

கயல்_நிறுவனர்:
அதைப் பொதுவெளியில் போட்டால் வாடிக்கையாளர்களும் படிப்பார்கள். கடைசிச் சுற்றுக்கு வருபவர்களிடம் கணக்கைக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

தூக்கம்_முக்கியம்:
கடைசிச் சுற்று தாமதம். முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள்.