புதுப்பிப்பு: 34 இன்ச் அல்ட்ராவைடு வாங்கியாச்சு

பழைய கேள்வி: "எக்செல், கோடிங் ரெண்டுக்கும் 34 இன்ச் அல்ட்ராவைடு ஒண்ணா, 24 இன்ச் மானிட்டர் ரெண்டா?"

3440×1440 அல்ட்ராவைடு எடுத்தேன். "ரெண்டு மானிட்டரும் இதுவும் ஒண்ணுதான்" என்று ஒரு நண்பர் சொன்னது பாதி சரி. அகலத்தில் ரெண்டு 1080p சேர்ந்தால் 3840, கொஞ்சம் அதிகம்தான். ஆனா உயரத்தில் எனக்கு 360 பிக்சல் கூடுதல். எக்செலில் சுமார் 18 வரிசை அதிகம் தெரியுது. கோடிங்குக்கும் இந்த உயரம்தான் பெரிய லாபம்.

போர்ட்டைப் பாருங்க என்று எச்சரித்த அண்ணனுக்கு நன்றி. என் பழைய லேப்டாப்பின் எச்டிஎம்ஐயில் மவுஸ் விட்டு விட்டு நகர்ந்தது. விண்டோஸில் Advanced display திறந்தால் 30 ஹெர்ட்ஸ்! யூஎஸ்பி-சி வழியா டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டதும் 60 வந்துடுச்சு. எல்லா யூஎஸ்பி-சி போர்ட்டும் வீடியோ தராது, வாங்கும் முன் பார்த்துக்கோங்க.

தலைவலி ஸ்கிரீன் ஷேர்தான். முழுத் திரையையும் பகிர்ந்தால் எதிரில் இருப்பவருக்கு எழுத்து எறும்பு மாதிரி. இப்போ ஒரு விண்டோவை மட்டும் பகிர்கிறேன், எக்செலுக்கும் பிரவுசருக்கும் மாறி மாறிக் காட்டணும்னா எரிச்சல். தினமும் மீட்டிங்கில் ஷேர் பண்றவங்களுக்கு ரெண்டு மானிட்டரே மேல்.

விண்டோக்களை அடுக்க PowerToys-இன் FancyZones போட்டிருக்கேன்: நடுவில் எடிட்டர், பக்கத்தில் டெர்மினல்.

கேமுக்கு 144 ஹெர்ட்ஸ் வேணுமே என்ற தம்பி, நான் கேமே ஆடறதில்லப்பா. வளைந்த திரையில் எக்செல் கோடுகள் லேசா வளைந்து தெரியுது, பழகுமா பார்க்கலாம்.