முற்பணமா, மீள்நிரப்பலா: சில்லறைக் காசுக் கோரிக்கைக்கு ஒரு சொல்

கிளிநொச்சி, சங்க எழுதுநர்

அன்புடையீர்,

எங்கள் சங்கத்தின் சில்லறைக் காசு என் பொறுப்பில் இருக்கிறது. முழுத்தொகை 20,000 ரூபா. சென்ற மாதக் கடைசியில் காசு குறைந்துபோகவே, கணக்கு உத்தியோகத்தருக்கு இப்படி எழுதினேன்: "சில்லறைக் காசு முடியும் தறுவாயில் உள்ளதால், மேலும் 20,000 ரூபா முற்பணம் தந்துதவுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். சிட்டைகள் இணைக்கப்பட்டுள்ளன." பதின்மூன்று சிட்டைகளையும் ஒரே குண்டூசியில் குத்தி அனுப்பினேன். மூன்றாம் நாள் கடிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "முந்திய முற்பணம் தீர்க்கப்படவில்லை."

நான் கேட்க நினைத்தது முற்பணம் அன்று. செலவழிந்ததை நிரப்பித் தாருங்கள் என்பதே. அதைச் சொல்ல என்னிடம் சொல் இருக்கவில்லை. பழைய கோப்புகளைப் புரட்டினால் "காசு பெறுதல்", "நிலுவை கோரல்" என்று ஆளுக்கொரு பெயர். ஒரு நல்ல சொல்லையும் சொல்லி, கடிதத்தையும் திருத்தித் தாருங்கள்.

மாங்குளம், திட்ட உதவியாளர்

இதற்கு 'மீளளிப்பு' என்ற சொல் இருக்கிறதே. செலவழித்ததைத் திருப்பித் தருகிறார்கள், அதுதான் மீளளிப்பு. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். 20,000 கேட்டதுதான் பிழை; செலவானதை மட்டும் கேட்டிருக்க வேண்டும்.

நெடுங்கேணி, வெளிக்கள உத்தியோகத்தர்

மீளளிப்பைப் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். என் மோட்டார் சைக்கிளுக்கு என் சொந்தக் காசில் பெற்றோல் அடித்து இரண்டு மாதமாகிறது. சிட்டைகள் எல்லாம் கையில் உள்ளன. அதையும் சில்லறைக் காசிலிருந்து எடுக்கலாமா?

வவுனியா, ஓய்வுபெற்ற கணக்காளர்

நெடுங்கேணித் தம்பியின் கேள்வியே மாங்குளத்துக்கு மறுமொழி. அவர் தன் சட்டைப்பையிலிருந்து செலவழித்தார். அது அவருக்குத் திரும்ப வேண்டும். அதுதான் மீளளிப்பு. கிளிநொச்சித் தம்பியின் சட்டைப்பையிலிருந்து ஒரு சதமும் போகவில்லை. காசு திரும்ப வேண்டியது நிதிக்கு, ஆளுக்கு அன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், எழுதுநர் தன் கைக்காசைப் போட்டுச் செலவழித்தார் என்றே கணக்குப் பகுதி வாசிக்கும். செலவானதை மட்டும் கேட்க வேண்டும் என்று மாங்குளம் சொன்னது முழுக்கச் சரி. (பெற்றோல் காசைப் பயணச் செலவுப் படிவத்தில் கேளுங்கள், தம்பி, சில்லறைக் காசில் தொடவேண்டாம்.)

'முற்பணம்' ஏன் திரும்பி வந்தது என்றால், முற்பணம் ஒரு காரியத்துக்காகக் கொடுக்கப்படுவது. காரியம் முடிந்ததும் கணக்குக் காட்டி மிச்சத்தைக் கட்டித் தீர்க்க வேண்டும். அந்தச் சொல்லைக் கண்ட உத்தியோகத்தர் முற்பணப் பதிவேட்டைத் திறந்திருப்பார். தொடக்கத்தில் தந்த 20,000 அதில் தீராமல் நின்றிருக்கும். அவர்மேல் குற்றமில்லை. சில்லறைக் காசு கட்டுநிதி, அதாவது ஒரு குறித்த தொகையில் வைத்திருக்கும் நிதி. அது தீர்வதில்லை, நிரம்புகிறது. இரணைமடுக் குளத்தின் முழு மட்டம் 36 அடி. நீர் 31 அடியில் நின்றால் வேண்டியது 5 அடி. நீங்கள் 36 அடியையும் கேட்டீர்கள். ஆகவே சொல்லுக்குள் 'நிரப்பு' இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கடிதத்தைத் திருத்த முன் கணக்கைத் தாருங்கள்: சிட்டைகளின் கூட்டுத்தொகை என்ன, கையில் எண்ணிய காசு என்ன?

புதுக்குடியிருப்பு, வணிகக் கல்வி ஆசிரியை

நிரப்பு என்பது எனக்கும் பிடித்திருக்கிறது. குறைந்ததை நிரப்புவதால் 'குறைநிரப்பு' என்று முதலில் எழுதினேன், உடனே அழித்துவிட்டேன். பாராளுமன்றத்தில் 'குறைநிரப்பு மதிப்பீடு' என்று சொல்கிறார்களே, அது ஒதுக்கிய பணம் போதாமல் மேலதிகமாகக் கேட்பது. நமக்கு நேர் எதிர். நிதி ஒரு ரூபாவும் கூடக்கூடாது. 'மீள்நிரப்பல்' எப்படி? செயல் மீள்நிரப்பல், கடிதம் மீள்நிரப்புக் கோரிக்கை, கேட்கும் பணம் நிரப்புத்தொகை. ஒரே வேரிலிருந்து மூன்றும் வருகின்றன.

கிளிநொச்சி, சங்க எழுதுநர்

ஐயா, சிட்டைகளைத் தலைப்பு வாரியாகப் பிரித்துக் கூட்டினேன், 16,600. இலாச்சியில் எண்ணியது 3,220. இரண்டும் சேர்ந்தால் 19,820 தான். 180 ரூபா குறைகிறது. நேற்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

மாங்குளம், திட்ட உதவியாளர்

16,780 கேட்டுவிடுங்கள். பெட்டி சரியாக 20,000 ஆகிவிடும். 180 ரூபாவைத் தேநீர்ச் செலவில் சேர்க்கலாம்.

வவுனியா, ஓய்வுபெற்ற கணக்காளர்

அதைச் செய்யவேண்டாம். சிட்டையில்லாத காசை நிரப்பச் சொல்லிக் கேட்பது பொய்க் கணக்கு. தேடியும் கிடைக்காவிட்டால் 16,600 மட்டும் கேட்டு, 180 குறைவைத் தனி வரியில் காட்டுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. 180 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதும்போது வருகின்ற வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். வேறு காரணத்தாலும் 180 வரலாம். ஆனாலும் முதலில் அங்கே பாருங்கள். பொழிப்பையும் சிட்டைகளையும் பக்கத்தில் வைத்து, கூட்டாமல், ஒவ்வொரு தொகையாக விரல் வைத்து வாசியுங்கள்.

கிளிநொச்சி, சங்க எழுதுநர்

கிடைத்துவிட்டது! 67ஆம் இலக்கச் சிட்டை. பரந்தனிலிருந்து உரமூடைகள் ஏற்றிவந்த முச்சக்கரவண்டிக் கூலி. சிட்டையில் 750, நான் எழுதியது 570. பயணமும் ஏற்றுக்கூலியும் 3,900 அன்று, 4,080. ஆகவே கேட்கவேண்டியது 16,780. மாங்குளம் சொன்ன அதே தொகைதான். ஆனால் இப்போது அதற்குச் சிட்டை இருக்கிறது. திருத்திய கடிதம் இதோ:

"சில்லறைக் காசு மீள்நிரப்புக் கோரிக்கை

கட்டுநிதி 20,000 ரூபாவில், 61 முதல் 73 வரையான 13 சிட்டைகளுக்குச் செலவான 16,780 ரூபாவை மீள்நிரப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சிட்டைப் பொழிப்பு
காகிதாதிகள்: 4 சிட்டைகள், 5,480
தபால்: 2 சிட்டைகள், 1,150
பயணம், ஏற்றுக்கூலி: 4 சிட்டைகள், 4,080
தேநீர், சிற்றுண்டி: 2 சிட்டைகள், 3,720
நீர்க்குழாய் திருத்தம்: 1 சிட்டை, 2,350
நிரப்புத்தொகை: 16,780
கையிலுள்ள காசு: 3,220
கட்டுநிதி: 20,000"

வவுனியா, ஓய்வுபெற்ற கணக்காளர்

நன்று. காசு எண்ணிய திகதியைக் கடைசி வரிக்கு மேலே போடுங்கள். எண்ணியபின் ஒரு தேநீருக்குக் கொடுத்தாலும் அந்த 3,220 பொய்யாகிவிடும். சிட்டைகளை இலக்க ஒழுங்கில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் 'கொடுத்தாயிற்று' என்று குறியுங்கள். அதே சிட்டை அடுத்த மாதமும் வராது. தபால் சிட்டை சிறியதென்றால் வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள்.

சொல்லைப் பற்றி ஒன்று. 'மீள்' தேவையா? 'நிரப்பல்' என்றாலே காலியானதை நிரப்புவதுதானே.

புதுக்குடியிருப்பு, வணிகக் கல்வி ஆசிரியை

தேவை, ஐயா. தொடக்கத்தில் 20,000 வைத்ததும் ஒரு நிரப்பல்தான். நாளைக்கு நிதியை 30,000 ஆக உயர்த்தினால் அதையும் நிரப்பல் என்றே எழுதுவார்கள். முன்பிருந்த மட்டத்துக்கே திரும்புகிறோம் என்பதை 'மீள்' தான் சொல்கிறது. 'சிட்டை' தான் எனக்கு உறுத்துகிறது. கடைக்காரர் தருவதும் சிட்டை, நாம் எழுதி ஒப்பம் வாங்குவதும் சிட்டை. பின்னதற்கு 'உறுதிச்சீட்டு' என்றே எழுதலாமே?

கிளிநொச்சி, சங்க எழுதுநர்

அக்கா, எங்கள் அலுவலகத்தில் உறுதிச்சீட்டு என்றால் காணி உறுதியைத் தேடுவார்கள். இந்த முறை சிட்டை என்றே போகட்டும். திங்கட்கிழமை காலை காசை மறுபடி எண்ணித் திகதி போட்டு அனுப்புகிறேன். ஓரத்தில் என்ன எழுதி வருகிறது என்று சொல்கிறேன்.