புதுப்பிப்பு: குழந்தை பிறக்கும்போது அப்பாவுக்கான விடுப்புக் கடிதம், அனுப்பியாயிற்று

முன்பு கேட்டது: "அலுவலகக் கையேட்டில் 'பெற்றோர் விடுப்பு' என்று ஒரே வரி. அப்பாவுக்கு உண்டா, எத்தனை நாள் என்று இல்லை. கடிதத்தை எப்படி எழுதுவது?"

இங்கே பதில் எழுதியவர்களில், மனிதவளத்தில் வேலை பார்த்த அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. "கிடைக்குமா என்று கேட்காதே. நாட்களை எழுது, எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று மட்டும் கேள்" என்றார். அனுப்பியது:

"குழந்தை பிறக்கும் நாளிலிருந்து 10 வேலை நாட்கள் விடுப்பு வேண்டுகிறேன். உத்தேசத் தேதி 14. முன்பின் ஆனால் அன்றே தெரிவிப்பேன். பெற்றோர் விடுப்பு எனக்குப் பொருந்துமா என எழுத்தில் தெரிவியுங்கள். பொருந்தாவிட்டால் என் ஈட்டிய விடுப்பில் கழிக்கலாம்."

மருத்துவச் சான்று இணைக்கச் சொன்ன தம்பி பாதி சரி. பிறப்புச் சான்றைப் பிறகு கேட்டார்கள். ஆனால் அவர் சொன்னபடி உடம்பு சரியில்லை என்று போட்டிருந்தால் அது பொய். மனைவியின் பேறுகால விடுப்பைப் பற்றி எழுதிய அண்ணா, என் கேள்வி அப்பாவின் விடுப்பு பற்றியது.

12ஆம் தேதியே மகள் வந்துவிட்டாள். "முன்பின்" என்ற சொல் இருந்ததால் புதுக் கடிதம் தேவைப்படவில்லை. 5 நாளைச் சம்பளத்தோடு தனியாகக் கொடுத்தார்கள், மீதி 5 நாளை என் ஈட்டிய விடுப்பில் கழித்தார்கள். கடைசி வரியை எழுதாமல் இருந்தால் 10 நாளும் கிடைத்திருக்குமோ என்று ஒருவர் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. பெற்றோர் விடுப்பு பொருந்துமா என்பதற்கு எழுத்தில் பதில் இன்னும் வரவில்லை.