மாத கிராஃபில் 19 எம்பி, காலையில் நெட் நகரல: எதை நம்புறது?

சுங்கைசிப்புட்_கிராணி: செம்பனை எடைமேடை ஆபீஸ், 6 கம்ப்யூட்டர், 100 எம்பிபிஎஸ் லைன். எம்ஆர்டிஜி மாத கிராஃபில் உச்சமே 19 எம்பிதான், வருஷ கிராஃபில் 2, 3 எம்பிதான். ஆனா காலை 9 மணிக்கு எடைச்சீட்டுப் பக்கம் திறக்கவே மாட்டேங்குது. 300 எம்பிக்கு மாறணுமா?

ரூட்டர்ராஜா: தேவையே இல்ல லா. ஐந்தில் ஒரு பங்குகூட எட்டாத லைனுக்கு ஏன் கூடுதல் பணம்? வைஃபை சேனலைப் பாருங்க. கிராஃப் பொய் சொல்லாது.

கம்பிக்காரன்: பொய் சொல்லாது ராஜா, ஆனா சராசரி சொல்லும். எம்ஆர்டிஜி நாள் கிராஃப் 5 நிமிஷச் சராசரி, வாரம் 30 நிமிஷம், மாதம் 2 மணி நேரம், வருஷம் ஒரு முழு நாள். 9 மணியிலிருந்து 20 நிமிஷம் லைன் 95 எம்பியில் முட்டி நிக்குது, மத்த நேரம் 4 எம்பினு வைங்க. 8-லிருந்து 10 வரைக்குமான சராசரி 19 வரும். ராத்திரியெல்லாம் சும்மா கிடக்கிறதால முழு நாளுக்கு 2 சொச்சம். கிராணி சொன்ன கணக்கும் அதேதான்.

இப்போதைக்கு கான்ஃபிக்ல Target வரிகளுக்கு மேல இந்த ஒரு வரியைச் சேருங்க, வாரம், மாதம், வருஷ கிராஃபில் 5 நிமிஷ உச்சமும் தெரியும்:

```
WithPeak[_]: wmy
```

ரூட்டர்ராஜா: உச்சம் எவ்வளவுன்னு தெரியும், எத்தனை மணிக்குன்னு தெரியாதே. அதுக்காக வருஷம் முழுக்க 5 நிமிஷக் கணக்கை வச்சா அந்தப் பழைய கம்ப்யூட்டர் டிஸ்க் தாங்காது.

கம்பிக்காரன்: நேரம் தெரியாதுங்கிறது சரி. டிஸ்க் பயம் வேண்டாம். ஒரு வருஷத்துக்கு 1,05,120 வரிசை, வரிசைக்கு இரண்டு எண், எண்ணுக்கு 8 பைட். மொத்தம் 1.7 மெகாபைட். rrdtool-ல கோப்பு உருவாக்கும்போதே அந்த அளவுதான், அதுக்கு மேல வளராது.

```
rrdtool create wan.rrd --step 300 \
 DS:in:DERIVE:600:0:15000000 \
 DS:out:DERIVE:600:0:15000000 \
 RRA:AVERAGE:0.5:1:105120
```

வரையும்போது ஒரு இடத்தில் வழுக்கும். 800 புள்ளி அகலத்தில் ஒரு வருஷத்தை வரைஞ்சா ஒரு புள்ளிக்கு 11 மணி நேரம் போகும். அங்க திரும்பவும் சராசரி எடுத்து உச்சத்தைத் தேய்ச்சிடும். அதனால இப்படி எழுதுங்க:

```
DEF:in=wan.rrd:in:AVERAGE:reduce=MAX
```

ரூட்டர்ராஜா: DERIVE எதுக்கு? எல்லாரும் COUNTER-தான் போடுறாங்க. மின்சாரம் போய் ரூட்டர் மறுபடி எழுந்தா வர்ற பொய் உச்சத்தை, நீங்க போட்ட 15000000 எல்லையே தள்ளிடுமே.

கம்பிக்காரன்: பாதிதான் தள்ளும். COUNTER எண் குறைஞ்சதும் "மீட்டர் சுத்தி வந்துடுச்சு"ன்னு நினைச்சு 32 பிட் அளவைக் கூட்டிக்கும். மின்சாரம் போகும் முன்ன 100 கோடி பைட், எழுந்த பிறகு 5 கோடின்னு வைங்க. 334 கோடி பைட் ஓடினதாக் கணக்கு வரும். 300 விநாடிக்கு வகுத்தா 89 எம்பிபிஎஸ். நான் போட்ட 15000000 பைட் எல்லை 120 எம்பிபிஎஸ், அதனால உள்ள வந்து நிஜ உச்சம் மாதிரியே உட்கார்ந்துக்கும். மதிய இடி மழைக்கு கரண்ட் போற ஊரில் கிராஃப் முழுக்க இதுதான் இருக்கும். DERIVE-ல கீழ் எல்லை 0 போட்டா அந்த 5 நிமிஷம் வெற்றிடமா விடும். அது நேர்மையான ஓட்டை.

ஒரு நிபந்தனை: ifHCInOctets, ifHCOutOctets என்ற 64 பிட் எண்ணைத்தான் படிக்கணும், அதுவும் எஸ்என்எம்பி 2சி அல்லது 3-ல். 32 பிட் எண் நிறைஞ்ச 100 எம்பி லைனில் 6 நிமிஷத்துக்குள்ள சுத்தி வந்துடும். DERIVE-க்கு அது தெரியாது, பரபரப்பான நேரமே ஓட்டையாயிடும்.

பசார்_அக்கா: எங்க கடையிலயும் இதே தொல்லை. இந்த கிராஃபில் எந்தப் பையன் வீடியோ பார்க்கிறான்னு தெரியுமா தம்பி?

கம்பிக்காரன்: தெரியாதுக்கா. இது வாசலில் எத்தனை லோரி போச்சுன்னு எண்ணும், யார் லோரின்னு சொல்லாது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனி போர்ட்டில் இருந்தா, சுவிட்சும் எஸ்என்எம்பி பேசினா, போர்ட்டுக்கு ஒரு கோப்பு வைக்கலாம். வைஃபை போன்களுக்கு அது உதவாது.

ரூட்டர்ராஜா: DERIVE விஷயத்தை ஒத்துக்கிறேன். ஆனா 300 எம்பி இன்னும் வேண்டாம்கிறதுதான் என் பேச்சு. 9 மணிக்கு அடைக்கிறது அப்லோடா இருந்தா? அந்தப் பக்கம் பாதிதானே இருக்கும். காலையில் யாரோ பேக்கப் ஓட்டினா போதும், பக்கம் திறக்காது.

கம்பிக்காரன்: இருக்கலாம். அதுக்கும் மேல, 5 நிமிஷக் கணக்கிலயே 30 விநாடி முட்டல் மறைஞ்சிடும். பக்கத்திலேயே பிங் நேரத்தையும் ஒரு கோப்பில் போட்டு வைக்கணும்.

சுங்கைசிப்புட்_கிராணி: நேற்றைய நாள் கிராஃப் பார்த்தேன் அண்ணே. 9:05-லிருந்து 9:25 வரை டவுன்லோட் 94, அப்லோட் 47. இரண்டுமே முட்டுது. லைன் 100-க்கு 50.

ரூட்டர்ராஜா: ஒரே நேரத்தில் இரண்டுமா? அப்போ 9 மணிக்கு ஏதோ கோப்பை இழுத்துத் திருப்பி ஏத்துது. அந்த வேலையை ராத்திரிக்கு மாத்துங்க.

கம்பிக்காரன்: எந்த கம்ப்யூட்டர்னு முதல்ல தெரியணும். நாளைக்கு 9:10-க்கு ஒவ்வொரு கேபிளா கழட்டிப் பாருங்க.