வட்டமுள்ளா, கடைவாய் முள்ளா?

முகுந்தன், பட்டர்வொர்த்:
வணக்கம். இங்கே ஒரு மீன்குளத்துக்குத் தமிழ் அறிவிப்பு எழுதுகிறேன். பிடித்த சியாக்காப்பைத் திரும்ப விடுகிறவர்கள், உயிர் இறாலைச் சர்க்கிள் ஹூக் என்ற தூண்டில் முள்ளில்தான் கோக்க வேண்டும் என்பது குளத்து விதி. 'வட்டமுள்' என்று எழுதலாமா?

சரோஜா, கோலாலம்பூர்:
தம்பி, அது உருவத்தை மட்டும் சொல்கிறது. சியாக்காப், ஊரில் கொடுவா என்பார்களே, அது இரையை உறிஞ்சி விழுங்கும். சாதாரண ஜே வடிவ முள்ளென்றால் தொண்டையிலோ குடலிலோ குத்திக்கொள்ளும். செவுளும் இதயமும் பக்கத்திலேயே இருப்பதால், அப்படிக் குத்திய மீனை விட்டாலும் பல நேரம் செத்துப்போகும். நீங்கள் சொல்லும் முள்ளில் நுனி தண்டை நோக்கித் திரும்பியிருக்கிறது. தொண்டைச் சதையில் எளிதில் ஏறாது. மீன் திரும்பி நீந்த, தூண்டில் இழையான தங்கூசி இறுகும். முள் வழுக்கி வெளியே வந்து, வாயின் ஓரத்தில் சுழன்று மாட்டும். அதனால் 'கடைவாய் முள்' என்பேன்.

அறிவிப்பில் இன்னொன்றும் வேண்டும்: மீன் கடித்ததும் தடியை வெடுக்கென்று தூக்கக் கூடாது. தூக்கினால் முள் சுழல நேரமில்லாமல் வாயைவிட்டே வந்துவிடும். தங்கூசி இறுகும்வரை பொறுத்து, சீராகச் சுற்றினால் போதும். முள்ளை மேசைமேல் வைத்துப் பாருங்கள். தட்டையாகப் படியாமல் நுனி பக்கவாட்டில் சாய்ந்திருந்தால், அந்த வகை ஆழமாகக் குத்த வாய்ப்பு அதிகம்.

ராஜன், சுங்கை பட்டாணி:
இவ்வளவு எதற்கு? நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் எந்த முள்ளும் சாதுதான்.

சரோஜா:
நசுக்குவது நல்லதே, ராஜன். முள் சட்டென்று கழலும், மீன் காற்றில் கிடக்கும் நேரம் குறையும். ஆனால் எங்கே குத்துகிறது என்பதை அது மாற்றாது. தொண்டைக்குள் இறங்கிய முள்ளைப் பிடுங்கவே வேண்டாம். தங்கூசியை முள்ளுக்கு நெருக்கமாக வெட்டி விடுங்கள்.

லதா, பத்து மாவுங்:
எங்கள் படகில் ஆழத்திலிருந்து ஏற்றிய கெராப்பு மீனுக்கு இரைப்பை வாய்வழியே பிதுங்கி வந்தது. விட்டதும் மிதந்தது. கடைவாய் முள் போட்டிருந்தால் பிழைத்திருக்குமா அக்கா?

சரோஜா:
இல்லைம்மா. அது முள்ளால் வந்ததல்ல. மேலே வர வர அழுத்தம் குறைந்து காற்றுப்பை ஊதி, இரைப்பையை வெளியே தள்ளுகிறது. பலர் பிதுங்கியதை ஊசியால் குத்துவார்கள்; அது இரைப்பை, குத்தக் கூடாது. எடை கட்டிய இறக்கியால் மீனை உடனே ஆழத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும். அந்தக் கருவிக்கும் தமிழில் பெயரில்லை, யாராவது சொல்லுங்கள்.

ராஜன்:
'அமிழ்த்தி'? ஆனால் கடைவாய் முள் என்று கடையில் கேட்டால் தெரியாதே.

முகுந்தன்:
முதல் வரியில் 'கடைவாய் முள், அதாவது சர்க்கிள் ஹூக்' என்று போடுகிறேன். அடுத்து: 'கையை நனைத்துப் பிடியுங்கள், உலர்ந்த துணி மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். தாடையில் தொங்கவிடாமல் வயிற்றைத் தாங்குங்கள்.' வழுவழுப்புக்குக் 'கோழை' என்று எழுதினால் புரியுமா, அக்கா?